60 வாட், 300 வாட், கடைசி வரிசைக்கு எட்டாத பாட்டு

பின்னணி

சம்பவம் நடந்தது ஒரு சிற்றூரில் உள்ள அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில். அங்கே இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் 'ஒயர் சம்பந்தப்பட்ட' எல்லா வேலையும் என் தலையில்தான் விழும். விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. 240 பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்குக் கூட்டு உடற்பயிற்சி செய்ய வேண்டும். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மேடை, அதிலிருந்து கடைசி வரிசை 32 மீட்டர் தூரம். டேப் வைத்து அளந்த கணக்கு இது.

அதுவரை வருஷா வருஷம் மைக்செட்காரரின் குழாய் ஸ்பீக்கர்தான். அறிவிப்புக்கு அது போதும், பாட்டுக்குச் சரிப்படாது. தாளம் கேட்காமல் வெறும் கரகரப்பு மட்டும் வரும். போதாக்குறைக்கு, குழாய் கட்ட அனுமதி வாங்குவதே இப்போது எங்கள் ஊரில் பெரும்பாடு. அந்த நேரத்தில் பழைய மாணவர் ஒருவர், வீட்டில் வைத்திருந்த ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு ஜோடி ஸ்பீக்கரையும் ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றையும் பள்ளிக்குக் கொடுத்தார். நல்ல பொருள். அறையில் போட்டுக் கேட்டபோது தவில் தவிலாகவே கேட்டது. தலைமையாசிரியர் அறையில் அரை வால்யூமுக்கே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததைப் பார்த்து, மைதானத்துக்கு இது தாராளம் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். நானும்தான்.

முதல் ஒத்திகையில் கண்டது

ஆம்பின் பின்பக்கம் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கத்துக்கு 60 வாட் என்று போட்டிருந்தது. ஸ்பீக்கர் 4 ஓம். இரண்டையும் மேடையின் இரு ஓரத்திலும் வைத்து, ஒலி சிதையாத அளவுக்கு வால்யூமை ஏற்றினோம். முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். பின்வரிசைப் பிள்ளைகளோ முன்னால் இருப்பவர்களின் கையைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினார்கள்.

பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போனில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்தேன். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து அளந்தால் இரண்டு அளவுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். பாட்டு ஓடும்போது சராசரி 65 டெசிபல். பாட்டை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன்: 63. பாட்டும் காலடியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தன. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் முடிவு: பெரிய ஆம்ப்

உடற்கல்வி ஆசிரியர் சொன்ன வழி நேரடியானது. "சார், அறுபது வாட் பத்தல. பெருசா ஒண்ணு வாங்கிருவோம்." பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கொஞ்சம் பணம் இருந்தது. மாவட்டத் தலைநகரில் ஒரு கடையில் 4 ஓமுக்கு 300 வாட் தரும் ஆம்பைக் காட்டி, இதைப் போட்டால் ஊரே அதிரும் என்றார்கள். வாட் ஐந்து மடங்கு, ஆகவே சத்தமும் ஐந்து மடங்கு என்ற எண்ணத்தில் வாங்கிவந்தோம்.

இங்கே என் தவறைச் சொல்லிவிடுகிறேன். டெசிபல் மடக்கை அளவு என்பதைப் பத்தாம் வகுப்புக்கு நான் நடத்தாவிட்டாலும் எனக்கு அது தெரியும். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல், பத்து மடங்கானால் 10 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று படுவதற்கே ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். ஐந்து மடங்கு வாட் என்றால் 7 டெசிபல்தான், அதாவது இரண்டு மடங்குச் சத்தம்கூட இல்லை. கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இரண்டாம் ஒத்திகை

புது ஆம்ப், அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. கடைசி வரிசையில் 71 டெசிபல் காட்டியது. 7 கூடியிருக்க வேண்டிய இடத்தில் 6 கூடியது. சரி, பரவாயில்லை என்று ஒத்திகையைத் தொடர்ந்தோம். இருபது நிமிஷம் கழித்து, வால்யூமைத் தொடாமலே அது 69க்கு இறங்கியிருந்தது. முதலில் போனைச் சந்தேகப்பட்டேன். வேறொரு போனும் அதையே சொன்னது.

பின்னால் யோசித்தபோது காரணம் புரிந்தது. ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் சூடானால் அதன் மின்தடை ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் என்பது தாமிரத்தின் குணம். சுருள் 65, 70 டிகிரி கூடுதலாகச் சூடானால் மின்தடை கால்பங்குக்கு மேல் ஏறிவிடும். ஆம்ப் தரும் வோல்ட் அதேதான், ஓடும் மின்னோட்டம் குறைகிறது, ஒலி 2 டெசிபல் விழுகிறது. நாம் கூடுதலாகத் தள்ளும் வாட் சத்தமாகாமல் சுருளைச் சூடாக்கவே போகிறது என்பதற்கு இது முதல் அடையாளம். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

உடற்கல்வி ஆசிரியர் பின்வரிசையில் நின்றுகொண்டு, பாட்டு மங்கலாகக் கேட்கிறது என்று கை காட்டினார். ஆம்ப் பக்கத்தில் நின்ற மாணவன் டிரெபிள் குமிழை வலது கோடிவரை திருப்பினான். உடனே கூர்மை வந்தது, எல்லோருக்கும் திருப்தி. ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி ஒலியைச் சிதைக்கிறது என்று எச்சரிக்கும் 'கிளிப்' என்ற சிவப்பு விளக்கு முகப்பில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அதை அலங்காரம் என்று நினைத்தோமோ என்னவோ, யாரும் பொருட்படுத்தவில்லை. பத்து நிமிஷத்தில் இடதுபக்க ஸ்பீக்கர் கம்பளி போர்த்திய மாதிரி ஆனது. கிட்டே போனால் வார்னிஷ் கருகிய வாடை.

ட்வீட்டரைக் கழற்றி, ஒரு பக்க ஒயரை விடுவித்து மல்டிமீட்டரை வைத்தேன். சில ஓம் காட்ட வேண்டிய இடத்தில் எதுவும் காட்டவில்லை. சுருள் அறுந்துவிட்டது. உச்ச ஸ்தாயியை எழுப்பும் அந்தச் சின்ன ஸ்பீக்கரின் கம்பி தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பெட்டியின் மேல் 150 வாட் வரை என்று எழுதியிருந்தாலும், அது பாட்டின் வாட்டில் பெரும்பகுதி பாஸுக்குப் போகும் என்ற நம்பிக்கையில் எழுதியது. ட்வீட்டர் பங்குக்குச் சில வாட்தான் வர வேண்டும். டிரெபிளை 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பங்கு பத்து மடங்காகிவிடும். ஏற்கெனவே ஐந்து மடங்கு பெரிய ஆம்ப், அதன் மேல் இது.

நின்று கணக்குப் போட்டது

அன்று இரவுதான் ஸ்பீக்கரின் விவரத் தாளை முழுதாகப் படித்தேன். சென்சிட்டிவிட்டி என்ற இடத்தில் '87 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்' என்றிருந்தது. ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கரில் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரிலோ அது 2 வாட். அதனால் எங்கள் ஸ்பீக்கரின் உண்மையான 'ஒரு வாட்டுக்கு' அளவு 87 அல்ல, 3 குறைத்து 84. பொய் என்று சொல்ல முடியாது, அளந்த முறை தாளிலேயே இருக்கிறது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார்.

இனிக் கணக்கு சுலபம். வாட்டுக்கான டெசிபலைக் கூட்ட வேண்டும், தூரத்துக்கானதைக் கழிக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போய்விடும். 1, 2, 4, 8, 16, 32 என்று ஐந்து இரட்டிப்பு, ஆக 30 டெசிபல்.

```
84 + 10*log10(60) - 20*log10(32) = 72
```

இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூட்டினால் 75. இது ஆம்ப் முழு மூச்சில் தரும் உச்சம். பாட்டு எப்போதும் உச்சத்தில் இருக்காது. அடி விழும் நொடிக்கு இடம் விட்டால், நாங்கள் போட்ட மாதிரிப் பாட்டில் சராசரி இன்னும் 10 கீழே இருக்கும். ஆக 65. போன் காட்டியதும் 65. இவ்வளவு அச்சாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு, 2, 3 டெசிபல் விலகியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அதிர்ந்ததும் இந்தக் கணக்கில் அடங்கும். அங்கே நாங்கள் நின்றது மூன்று மீட்டரில், போதாததற்குச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பின. மைதானத்தில் சுவர் ஏது?

எங்களுக்கு வேண்டியது எவ்வளவு? விழா நாளில் கூட்டத்தின் இரைச்சல் சேர்ந்தால் 68 வரை போகும் என்று வைத்து, அதற்கு மேல் 10 வேண்டும் என்று 78, 79 என்று குறித்துக்கொண்டேன். இதை இந்த வீட்டு ஸ்பீக்கரில் எட்ட, ஒவ்வொன்றுக்கும் சராசரியாகவே ஏறக்குறைய 160 வாட் ஓட வேண்டும், அடி விழும் நொடியில் 1,600 வாட். அப்படி ஒரு ஆம்ப் கிடைத்தாலும் ஸ்பீக்கர் முதல் பாட்டு முடியும்வரை உயிரோடு இருக்காது. ஆம்பை மாற்றும் பாதை அங்கேயே அடைபட்டுவிட்டது.

மைக்செட்காரர் கொண்டுவந்த பெட்டி

மறுநாள் ஊர் மைக்செட்காரரைக் கூப்பிட்டேன். முப்பது வருஷமாகக் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் செட் போடுகிறவர். ஸ்பீக்கரைச் சுற்றி வந்து, கூம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். "சார், உங்க பெட்டி கரண்டக் குடிக்குது, சத்தத்தத் துப்ப மாட்டேங்குது" என்றார்.

"ஏண்ணே, விலை உயர்ந்த பெட்டிதானே?" என்றேன்.

"விலை வீட்டுக்கு சார். என் குழாய்க்கு முப்பது வாட்தான் போடறேன், பக்கத்து ஊர்ல கேக்கும்."

அவர் சொன்னதில் ஒரு இயற்பியல் பாடமே இருக்கிறது. ஒரு வாட்டுக்கு 84 டெசிபல் என்றால், உள்ளே போகும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது ஏறக்குறைய 0.16 சதவீதம். 60 வாட் கொடுத்தால் 0.1 வாட் ஒலி, மீதி முழுக்கச் சூடு. 97 டெசிபல் பெட்டியில் அது 3 சதவீதம் அளவுக்கு வரும். இருபது மடங்கு வித்தியாசம். வீட்டு ஸ்பீக்கர் செய்கிறவர் வேண்டுமென்றே இதை விட்டுக்கொடுக்கிறார். ஒடுங்கிய பெட்டிக்குள்ளிருந்து ஆழமான பாஸ் வர வேண்டுமென்றால் கூம்பு கனமாக இருந்தாக வேண்டும், கனமான கூம்பை அசைக்க வாட் செலவாகும். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், அதிக சென்சிட்டிவிட்டி மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது, ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். குழாய் ஸ்பீக்கர் பாஸை அடியோடு விட்டுவிட்டு, வரும் ஒலியையும் ஒரே திசையில் குவித்து அனுப்புகிறது. அதனால்தான் பக்கத்து ஊர்வரை போகிறது, அதனால்தான் அதில் தவில் தகர டப்பாவாகக் கேட்கிறது.

அவரிடம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது: 12 அங்குல ஸ்பீக்கரும் மேலே சின்னக் குழல் வைத்த உச்ச ஸ்தாயி யூனிட்டும் உள்ள ஒரு ஜோடிப் பெட்டி. 8 ஓம், 97 டெசிபல். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. பிள்ளைகள் கை தூக்க அது தேவையும் இல்லை.

வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்று முடிவு செய்யும் முன் ஒரு சோதனை செய்தோம். இந்த முறை புது ஆம்பை எடுக்காமல், பழைய 60 வாட் ஆம்பிலேயே அவருடைய பெட்டியை மாட்டினோம். வால்யூம் குமிழ் முதல் ஒத்திகையில் இருந்த அதே குறியில், அதே பாட்டு, அதே போன். கடைசி வரிசையில் 75 டெசிபல். உடற்கல்வி ஆசிரியர் ஆம்பின் பின்பக்கத்தை இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார், நான் எதையோ மாற்றியிருப்பேன் என்று.

குமிழ் அதே இடத்தில் என்றால் வோல்ட் அதேதான். 2.83 வோல்ட்டில் ஒன்று 87, மற்றொன்று 97, ஆக 10 டெசிபல் கூடியது. அதோடு 8 ஓம் என்பதால் இந்தப் பெட்டி இழுத்தது பாதி வாட்தான். 300 வாட் ஆம்ப் சூடாகும் முன் காட்டிய 71ஐவிட, முப்பது வாட்டில் ஓடிய இது 4 டெசிபல் மேலே நின்றது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

பெட்டியை விழாவுக்கு வாடகைக்கு எடுத்தோம். பழைய ஆம்பிலேயே ஓட்டியிருந்தால் 76 வரை போயிருக்கும், குறித்திருந்த அளவுக்கு 2, 3 குறைவு. அதனால் பெட்டிக்குப் புது ஆம்பை மாட்டினோம். 8 ஓமில் அது 180 வாட் தரும், பெட்டியோ 250 வாட் தாங்கும். ஆக அந்த ஆம்ப் வாங்கியது முழு நஷ்டம் இல்லை, வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். முதலில் பெட்டி, அப்புறம் ஆம்ப் என்று போயிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் முன்வரிசை. பின்னால் 79 என்றால், பெட்டிக்கு நான்கு மீட்டரில் நிற்கிறவருக்கு 97. அது காதுக்கு நல்லதல்ல. பெட்டிகளை எட்டடி ஸ்டாண்டில் ஏற்றினோம். உயரத்தில் வைத்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள தூர வித்தியாசம் கொஞ்சம் குறையும், முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே ஒலி போகும். முதல் வரிசையை இரண்டு மீட்டர் பின்னால் தள்ளினோம். சிறப்பு விருந்தினர் மேசை பெட்டிக்கு நேர் முன்னால் போடப்பட்டிருந்தது. அதையும் நகர்த்தச் சொன்னபோது கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது, பந்தல்காரர் ஜமுக்காளம் விரித்து முடித்துவிட்டாராம்.

விழா நாள்

டிரெபிள் குமிழ் நடுவில். வால்யூம் பாதிக்குக் கீழே. சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை, இந்த முறை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிசைக்குப் பின்னால் 78க்கும் 79க்கும் இடையில் ஆடியது. அந்த அளவுக்குப் பெட்டி ஒன்றுக்கு ஓடியது சராசரியாக 8 வாட். வீட்டு ஸ்பீக்கருக்கு 160 வாட் தேவைப்பட்டிருக்கும் அதே சத்தம்தான். மூன்று பாட்டு, பதினான்கு நிமிஷம். முடிவில் அளவு இறங்கவில்லை, பெட்டியின் பின்பக்கம் கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. பாட்டு நன்றாகக் கேட்டும் கடைசி வரிசை ஒரு நூலிழை பின்தங்கியே கை தட்டியது. அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஒலி 32 மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.09 விநாடி எடுக்கும். பிள்ளைகள் கேட்ட நேரத்துக்குச் சரியாகத்தான் தட்டினார்கள், மேடையில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தாமதமாகத் தெரிந்தது. விருந்தினர் கவனித்த மாதிரி தெரியவில்லை. உடற்கல்வி ஆசிரியர் கவனித்தார்.

மறுபடி செய்வதாக இருந்தால்

ஸ்பீக்கரை அறையில் கேட்டு முடிவு செய்ய மாட்டேன். கடைசி ஆள் நிற்கும் தூரத்தை அளந்து, அங்கே உள்ள இரைச்சலையும் அளந்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவேன். கடையில் வாட்டைக் கேட்கும் முன் சென்சிட்டிவிட்டியைக் கேட்பேன், அது ஒரு வாட்டுக்கா 2.83 வோல்ட்டுக்கா என்றும் கேட்பேன். சில பெட்டிகளில் 'அதிகபட்சம் 128 டெசிபல்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது. அப்போது விவரம் தெரிந்த ஒரு ஸ்பீக்கரைக் கையோடு கொண்டுபோய், ஒரே ஆம்ப், ஒரே குமிழ் நிலை, ஒரே தூரம் என்று வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போனில் அளந்துவிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். நாங்கள் தற்செயலாகச் செய்த சோதனைதான் அது.

மைதானம் இன்னும் பெரிதாக இருந்தால் மேடைப் பெட்டியை மேலும் முறுக்குவதில் பயனில்லை. 64 மீட்டருக்கு இன்னொரு 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு வாட் வேண்டும், முன்வரிசை காது பாழாகும். இரு பக்கமும் நடுவாந்தரத்தில் இன்னொரு ஜோடி வைப்பதுதான் வழி. அந்த ஜோடிக்கு ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தித் தர வேண்டும், இல்லாவிட்டால் பின்வரிசைக்கு ஒரே அடி இரண்டு முறை கேட்கும்.

வீட்டு ஸ்பீக்கருக்குப் புது ட்வீட்டர் போட்டாயிற்று. இப்போது அது பழைய 60 வாட் ஆம்போடு நூலகத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் இருக்கிறது. கடைசி பெஞ்ச் ஆறு மீட்டர் தூரம். வால்யூம் கால்பங்குக்கு மேல் ஏறுவதில்லை.